மேஸ்திரி ஐயாவைச் சோம்பேறி என்றவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோவில் கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அன்னதான சமையற்கட்டை இடித்துப் புதுப்பிக்கும் வேலை ஆறு வாரத்தில் முடியும் என்றார்கள், தைப்பூசக் கொடியேற்றத்துக்குக்கூட முடியவில்லை. பெண்கள் பத்து நாளும் தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில், டர்பன் மழையில், சேற்றில் நின்று அண்டா இறக்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எழுபது வயது தாண்டிய மேஸ்திரி ஐயாவைப் பார்த்து, "சோம்பேறித்தனம், வேறென்ன?" என்று சபையில் கேட்டது நியாயமே இல்லை. அவர் பதில் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூன்று நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை.

வேலை மெதுவாக நடக்கவில்லை. கணிப்புதான் தப்பு. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

இந்தத் தப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் இதை 'பிளானிங் ஃபாலசி' என்றார்கள். திட்டக் கணிப்பு மயக்கம் என்று சொல்லலாம். ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டால், நம் மனம் அந்த வேலையை மட்டும் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும். முதலில் இது, பிறகு அது, முடிந்தது. அந்தப் படத்தில் மழை கிடையாது, வராத லாரி கிடையாது. இதே மாதிரி வேலைகள் இதற்கு முன்னால் எத்தனை நாள் இழுத்தன என்ற கேள்வியும் எழுவதில்லை.

1994இல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. தப்பாகப் போகக்கூடியதெல்லாம் தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் கெட்டுப்போகும் என்று நினைத்துச் சொன்ன கணக்கே பத்தவில்லை! படித்த பிள்ளைகள், தங்கள் சொந்த வேலை, முடிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அவர்களும் சோம்பேறிகளா?

இப்போது நம் சமையற்கட்டுக்கு வருவோம். கமிட்டியின் தாளில் இருந்தது இதுதான்: இடிப்பு ஒரு வாரம், தரையும் கால்வாயும் இரண்டு வாரம், டைல்ஸ் ஒரு வாரம், பைப்பும் கேஸும் ஒரு வாரம், பெயின்ட் ஒரு வாரம். தீபாவளிக்கு அடுத்த திங்கள், அக்டோபர் 27 ஆரம்பித்தால் டிசம்பர் முதல் வாரத்தில் முடியும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் கைவேலை மட்டுமே இருக்கிறது, காத்திருப்பு இல்லை. புதிதாகப் போட்ட சாந்துத் தரை காயாமல் டைல்ஸ் பதித்தால் பின்னால் பெயர்ந்துவிடும். அதனால் நல்ல மேஸ்திரி நாலு வாரம் விடுவார், நம் ஐயாவும் விட்டார். அந்த நாலு வாரம் தாளில் எங்கே? யாரும் உளியைத் தொடாத நாள்கள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. கேஸ் பொருத்தினால் பதிவு பெற்ற ஆள் வந்து சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். அவர் நாம் கூப்பிட்ட அன்றே வருவாரா?

இதெல்லாம் போகட்டும். டிசம்பர் நடுவில் இந்த நாட்டில் ஆண்டு விடுமுறைக்காகக் கட்டுமான வேலை கிட்டத்தட்ட மொத்தமும் மூன்று வாரம் நின்றுவிடும். ஜனவரி வரை ஹார்ட்வேர் கடையில்கூடக் கேட்ட சாமான் கிடைக்காது. பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறோம். தெரிந்தும் தாளில் எழுதவில்லை, ஏனென்றால் அதற்குள் முடிந்துவிடும் என்று நம்பினோம்.

சரி, எப்படிக் கணித்திருக்க வேண்டும்? காய்கிற காலத்தை மட்டும் சேர்த்தால் போதுமா? போதாது, நினைவுக்கு வராத இன்னொன்று எப்போதும் இருக்கும். அதனால்தான் கானமன் வெளியிலிருந்து பார்க்கச் சொன்னார். இந்த வேலையைப் பிரித்துப் பார்க்கும் முன், இதே கோவில் முன்பு செய்த வேலைகளைப் பார்க்க வேண்டும். நம் பழைய கணக்கு நோட்டில் நாலு வேலை இருக்கிறது. கோபுரப் பெயின்ட்: நாலு வாரம் சொன்னோம், ஏழு ஆனது. கழிப்பறைக் கட்டடம் எட்டு சொல்லிப் பதினாலு. மண்டபக் கூரைப் பலகை மூன்று சொல்லி ஆறு. சுற்றுவேலி ஐந்து சொல்லி எட்டு. இவற்றில் விடுமுறை வாரங்களைக் கழித்தாயிற்று. ஆனதைச் சொன்னதால் வகுத்தால் 1.75, 1.75, 2, 1.6. ஒன்றாவது ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறதா?

நடு எண் 1.75. ஆறு வாரம் பத்தரை வாரமாகிறது. மூன்று வார விடுமுறையைச் சேர்த்தால் பதின்மூன்றரை, அதாவது ஜனவரி கடைசி. பூசம் பிப்ரவரி 1. கொடியேற்றம் அதற்குப் பத்து நாள் முன்பே. இருந்ததில் மோசமான 2ஐ வைத்தால் பிப்ரவரி 9. ஒரு நோட்டும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் பத்து நிமிஷத்தில் அக்டோபரிலேயே தெரிந்திருக்கும், இந்தப் பூசத்துக்கு இல்லை என்று. பந்தலை ஒழுங்காகப் போட்டு, தரைக்குப் பலகை அடித்து, பூசம் முடிந்து இடித்திருக்கலாம்.

"அந்த வேலைகள் வேறு, இது வேறு" என்று சிலர் எழுதுவீர்கள். இந்த மயக்கம் பேசுவதே அப்படித்தான். பியூலரின் ஆய்வில் முன்பு தாமதமானதை மக்கள் மறந்திருக்கவில்லை. அன்றைக்கு நடந்தது தனிக்கதை, இந்தத் தடவை வராது என்று ஒதுக்கினார்கள், அவ்வளவுதான். கோபுரத்துக்குச் சாரம் வரவில்லை, கழிப்பறைக்கு நகராட்சி ஒப்புதல் இழுத்தது, வேலிக்கு மழை. காரணம் ஒவ்வொன்றும் வேறு வேறு, தாமதம் மட்டும் ஒன்று போல. அடுத்த தடவை எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஏதோ ஒன்று வரும்.

"நாள் கூடக் கொடுத்தால் கூட இழுப்பார்கள்" என்பதிலும் உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இடைக் கெடு வையுங்கள்: தரை போட ஒரு தேதி, டைல்ஸுக்கு ஒரு தேதி. மொத்தத் தேதியைப் பொய்யாகச் சுருக்காதீர்கள்.

"மேஸ்திரிதானே ஆறு வாரம் சொன்னார்?" என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அவர் முதலில் சொன்னது மூன்று மாதம். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "என்ன ஐயா, பூசத்துக்கு வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார், இன்னொருவர் "ஆள் கூட்டிக்கலாம்" என்றார், எண்ணைப் பத்தாக்கி, எட்டாக்கி, ஆறுக்குக் கொண்டுவந்தது நாம். ஆளைக் கூட்டினால் சாந்து சீக்கிரம் காயுமா? நமக்கு வேண்டிய எண்ணை அவர் வாயிலிருந்து வாங்கிவிட்டு, அது பொய்த்ததும் அவர் தலையில் போட்டோம். சம்பளம் வாங்காத மனிதர். முழங்கால் வலியோடு குனிந்து தரை மட்டம் பார்த்தவர்.

அடுத்த ஞாயிறு மண்டபக் கூரை மாற்றும் பேச்சு வருகிறது. அதற்குள் ஒரு தேதியை எழுதி நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். செயலாளர் அண்ணே, அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவாருங்கள், ஐந்தாவது வரியாகச் சமையற்கட்டையும் எழுதிவிட்டு, பிறகு எத்தனை வாரம் என்று கேளுங்கள். அதற்கு முன்னால் யாராவது ஐயா வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டி வாருங்கள். சபையில் சொன்ன சொல்லைச் சபையிலேயே திருப்பி எடுக்க வேண்டும்.