போர் போட "அடிக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் பக்கம், அதாவது ஈரோடு, திருப்பூர், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில், வீட்டுக்குப் போர்வெல் போட நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி "அடிக்கு எவ்வளவுங்க?" என்பதுதான். எதிர்முனையில் 90 என்பார்கள், இன்னொருவர் 85 என்பார், உடனே 85-க்கு முடிவு செய்துவிடுகிறோம். அந்த 85 ரூபாய் பாறையில் ஓட்டை போடுவதற்கான கூலி மட்டும்தான், அதுவும் முதல் சில நூறு அடிகளுக்கு மட்டும். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் ஆகும் மொத்தச் செலவில் அது பாதிகூட வராது என்பதை முன்கூட்டியே யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு, ஏனென்றால் நகையை அடகு வைத்துப் போர் போடுகிற குடும்பங்கள் பாதி வேலையில் வண்டி நிற்கும்போதுதான் மீதிக் கணக்கைக் கேட்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரேட் ஊருக்கு ஊர், டீசல் விலைக்கு ஏற்ப மாறும், கணக்கின் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 300 அடி வரை அடிக்கு 90 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் பத்து ரூபாய் கூடும் என்று வைத்துக்கொள்வோம். ஆழம் போகப்போகக் கம்ப்ரசர் அதிகம் உழைக்க வேண்டும், டீசல் அதிகம் குடிக்கும், அதனால் ரேட் ஏறுவதில் தப்பில்லை. ஆனால் 700 அடிக்கு நாம் மனதில் போட்ட கணக்கு 63,000, பில்லில் வருவது 73,000. ஏறுகிற ரேட்டை முன்பே எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பத்தாயிரம் அதிர்ச்சியாக இருக்காது. இன்னொன்று, பல வண்டிக்காரர்களுக்கு மினிமம் அடி என்று ஒன்று உண்டு. மினிமம் 300 என்றால், 180 அடியில் நல்ல ஊற்று கிடைத்து நிறுத்தினாலும் 300 அடிக்குக் காசு கொடுக்க வேண்டும். இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கேசிங்.

மேலே மண், அதற்குக் கீழே சுக்கான், உதிர்ந்த பாறை, அப்புறம்தான் கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் ஓட்டை தானாக நிற்கும். அதற்கு மேலே உள்ளது சரிந்து விழும், அதனால் அங்கே மட்டும் பிவிசி கேசிங் பைப்பை இறக்கிப் பாறைக்குள் சில அடி உட்கார வைக்கிறார்கள். இந்தப் பைப்பின் விலை அடிக்கு 400, 450 என்று போகும், அதாவது ஓட்டை போடுகிற கூலியைப் போல நாலைந்து மடங்கு. எத்தனை அடி தேவைப்படும் என்பது வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பக்கத்து வீட்டில் 40 அடி போனது என்பதால் உங்களுக்கும் 40 அடி என்று நம்பினால், 80 அடி ஆகும்போது 18,000 போட்ட இடத்தில் 36,000 நிற்கும். அப்போது பைப் வண்டிக்காரரிடம்தான் இருக்கும், வண்டி உங்கள் வாசலில் நிற்கும், அந்த நேரத்தில் யாரால் பேரம் பேச முடியும்?

அதனால் ஓட்டை ரேட்டில் அஞ்சு ரூபாய் குறைக்கச் சண்டை போடுவதைவிட, கேசிங் அடிக்கு என்ன விலை, எத்தனை இன்ச், எத்தனை கிலோ பைப், இறக்குவதற்குத் தனிக் கூலி உண்டா என்று வண்டி கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கிலோ என்பது எடை இல்லை, பைப் தாங்குகிற அழுத்தம். கிலோ குறைந்தால் பைப்பின் சுவர் மெல்லிசாக இருக்கும், மண் நெருக்கினால் நசுங்கும். வெறுமனே "நல்ல பைப்புங்க" என்றால் எது வேண்டுமானாலும் வரும்.

கேசிங்கைத் தேவைக்கு மேல் இறக்கிக் காசு பார்ப்பதும் நடக்கும், காசு மிச்சம் என்று வீட்டுக்காரரே குறைக்கச் சொல்வதும் நடக்கும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. பாறையில் சரியாக உட்காராத கேசிங்கின் அடிவழியாகச் சேறு இறங்கிக்கொண்டே இருக்கும். பல நாள் ஓட்டியும் கலங்கல் தெளியவில்லை, மழை பெய்தால் இன்னும் மோசம் என்றால் முதலில் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். கல் விழுந்து மோட்டார் சிக்கிக்கொண்டால் மேலே இழுக்கவே முடியாமல் போகும். எனவே வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று வெளியே வருகிற தூளைப் பாருங்கள். செம்மண்ணாகவும் பழுப்பாகவும் வந்துகொண்டிருந்தது சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி, சீராக வர ஆரம்பித்து, ராடு இறங்கும் வேகமும் குறைந்தால் கெட்டிப் பாறை வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அடியைக் குறித்துக்கொள்ளுங்கள், கேசிங் கணக்கை அதோடு ஒப்பிடலாம்.

அடிக்கணக்கும் அப்படித்தான். ஒரு ராடை முதலிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள், பெரும்பாலும் 20 அடி இருக்கும். முடிந்ததும் ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்கும்போது எண்ணுங்கள். 35 ராடு என்றால் 700 அடி. ராத்திரி இரண்டு மணிக்கு முடிந்தாலும் யாராவது ஒருவர் நின்று எண்ண வேண்டும், தூங்கப் போய்விட்டுக் காலையில் பில்லைப் பார்த்து வாக்குவாதம் செய்து பயனில்லை.

சரி, ஓட்டை போட்டாயிற்று, தண்ணீரும் வந்தாயிற்று. இப்போதுதான் அடிக்கணக்கு மறுபடி ஆரம்பிக்கிறது. மோட்டாரை 600 அடியில் இறக்குகிறோம் என்றால் பைப் 600 அடி, கேபிள் 600 அடிக்கும் கொஞ்சம் மேலே, கயிறு அதே அளவு. மூன்றும் சேர்த்து அடிக்கு நூறு ரூபாய் என்றாலே 60,000. மோட்டார் 35,000, பேனல் போர்டு, இறக்கும் கூலி எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சம் தாண்டிவிடும். ஆக அந்த 63,000 மனக்கணக்கு இரண்டு லட்சத்துக்கு மேலே வந்து நிற்கிறது. இங்கே காசைக் குறைக்க நினைத்து மெல்லிய கேபிள் வாங்காதீர்கள். அவ்வளவு நீளத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், மோட்டார் சூடாகிக் காயில் எரியும். அதை மேலே எடுத்து மறுபடி இறக்குகிற கூலி தனி. இரண்டு இன்ச் தண்ணீர் வந்தது என்று சந்தோஷத்தில் பெரிய மோட்டார் வாங்குவதும் தவறு, ஊற்று கொடுக்கிற அளவுக்கு மேல் இழுத்தால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடும்.

டெல்டாவிலும் கடலோரத்திலும் கதை வேறு. அங்கே மணல், களிமண் என்பதால் ஓட்டை முழுக்கப் பைப் இறக்க வேண்டும், தண்ணீர் வரும் மட்டத்தில் ஃபில்டர் பைப் வேண்டும். அந்த ஊர் அடி ரேட்டை எங்கள் ஊர் ரேட்டோடு ஒப்பிடவே கூடாது.

கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத கேள்வி. தண்ணீர் வராவிட்டால்? ஓட்டை போட்ட கூலி முழுதும் கொடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் கேசிங்கை உருவித் தருவார்களா, அதற்கு என்ன கூலி, பழைய பைப்பை எடுத்துக்கொண்டு எவ்வளவு கழிப்பார்கள் என்று யாரும் முன்பே பேசுவதில்லை. பைப்பை உருவினால் மேலே அகலமான குழி திறந்து கிடக்கும். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில்தான். கைவிட்ட போரை அடி முதல் மேல்மட்டம் வரை மண்ணோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. அந்த மண் லோடும் ஆள் கூலியும் எந்தக் கொட்டேஷனிலும் நான் பார்த்ததில்லை. வண்டிக்காரரிடம் ரேட் எழுதி வாங்கும்போதே, தண்ணீர் இல்லையென்றால் மூடித் தருவது யார் பொறுப்பு, என்ன செலவு என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். வண்டியை உங்கள் இடத்தை விட்டு வெளியே விடுவதற்கு முன்பு அந்தக் குழி மூடப்பட்டிருக்க வேண்டும்.