தேர்ப் படத்துக்கு எழுதிய இரண்டு வரி

நல்லூர்த் தேரன்று எடுத்த குடும்பப் படம் ஒன்றை இந்த முறை முகநூலில் இடுவதற்கு முன், அதன் கீழ் எழுதிய இரண்டு வரியை நான் நான்கு தடவை மாற்றினேன். முன்பொரு தேருக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவர் எழுதிய படக்குறிப்பு அம்மாவைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடப் பார்த்தது என்பதே அதற்குக் காரணம். இந்தப் பதிவிலும் பெயர்களைத் தவிர்த்து, வயதையும் நாட்களையும் மாற்றியே எழுதுகிறேன்.

அந்தப் படத்தை இட்டவள் என் சித்தியின் மகள். அவள் எழுதியது இதுதான்: "இன்று நல்லூர்த் தேர். எங்கள் பெரியம்மாவுக்கும் இன்றுதான் 70ஆவது பிறந்தநாள். ஐந்து வருடங்களின் பின் குடும்பத்தோடு வந்த சின்னண்ணா ஞாயிறு இரவு விமானமேறுகிறார். வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் முருகன் வாசலில்." அம்மாவின் முகநூல் கணக்கையும் அதில் இணைத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் அன்பினால் எழுதப்பட்டது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

திங்கள் காலை அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் அடையாள அட்டையுமாக, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆரோடை கதைக்கிறியள் அம்மா?"

"தம்பியின்ரை பையைப் பிடிச்சு வைச்சிருக்கினமாம் பிள்ளை. நம்பர் கேட்கினம்."

பேசியவர் தன்னை விமான நிலைய அதிகாரி என்று சொல்லியிருக்கிறார். அண்ணாவின் பயண நாளும் அவர் குடும்பத்தோடு வந்ததும் அவருக்குத் தெரிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, "உங்கள் அடையாள அட்டை இந்த இலக்கங்களில்தானே தொடங்குகிறது?" என்று கேட்டு முதல் ஐந்து இலக்கங்களையும் சரியாகச் சொன்னதுதான் அம்மாவை நம்பவைத்துவிட்டது. அண்ணா அந்நேரம் வானத்தில் இருந்தபடியால் அவரை அழைத்து உறுதிப்படுத்தவும் வழி இருக்கவில்லை. நான் தொலைபேசியை வாங்கி, பேசுபவரின் பெயரையும் பிரிவையும் கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த ஐந்து இலக்கங்கள் எங்கிருந்து போயின என்பதைத்தான் நான் அன்று முழுவதும் யோசித்தேன். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படுகிறது. ஒரு பெண் 1955 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகக் கொள்ளும் இந்தக் கணக்கில், யூலை முடிய 213 நாட்கள். அதோடு 14 சேர 227. அதோடு 500 சேர 727. ஆகவே அவருடைய எண் 55727 என்று தொடங்கும். பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய எண்ணிலோ ஆண்டு முழுமையாக வருவதால், முதல் ஏழு இலக்கங்கள் இதே வழியில் கிடைத்துவிடும். மீதி இலக்கங்களை இப்படிக் கணிக்க முடியாது என்பதால், பிறந்த நாள் தெரிந்த மாத்திரத்தில் முழு எண்ணும் வெளிப்பட்டுவிடாது. ஆனால் மீதியை அம்மாவின் வாயாலேயே சொல்லவைக்க அந்தத் தொடக்கம் போதுமானதாக இருந்தது.

எங்கள் படக்குறிப்பில் திகதி எழுதப்படவில்லையே என்று சித்தியின் மகள் கேட்டாள். எழுதத் தேவை இருக்கவில்லை. நல்லூரில் கொடியேறிய 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அந்த நாட்கள் ஒவ்வொரு வீட்டுக் கலண்டரிலும் அச்சாகி இருக்கின்றன. "தேரன்று 70ஆவது பிறந்தநாள்" என்று எழுதினாலே நாள், மாதம், ஆண்டு மூன்றும் எழுதியதாகிவிடும். திருவிழாப் படத்தில் வயதும் பிறந்தநாளும் வரக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். திருவிழாவே திகதியாகி நிற்கிறது.

பெயர்களிலும் இதே போன்ற ஒன்று இருக்கிறது. எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பனின் பெயரே முன்னால் நிற்கும். ஆகவே தகப்பனின் கணக்கை இணைத்துவிட்டு, படக்குறிப்பில் பிள்ளையின் பெயரையும் எழுதினால், பள்ளிப் பதிவேட்டில் உள்ள முழுப்பெயரே வெளியாகிவிடுகிறது. "தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர்" என்று கணக்குகளின் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கப்படுவதற்கும், எங்கள் வழக்கப்படி விடை அம்மப்பாவின் பெயராகவே இருக்கும். அம்மப்பாவின் நினைவாக அவர் பெயரை எழுதும் பாசமான வரியில் அந்த விடையும் சேர்ந்து வெளியே போகிறது.

இவற்றுக்குப் பிறகு நான் எனக்கென ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். படத்தை மட்டும் பார்க்கும் ஓர் அந்நியருக்கு, நான் எழுதிய வரி புதிதாக எதைச் சொல்கிறது என்று பார்க்கிறேன். வயது, உறவு, ஊர், பயணம், பரீட்சைப் பெறுபேறு ஆகியவை படத்தில் தெரிவதில்லை. அவற்றை நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதினால், படம் ஏற்கெனவே காட்டியதற்கு மேல் எதுவும் வெளியே போவதில்லை.

இந்த முறை என் முதல் வரைவில் "அண்ணாவின் கடைக்குட்டி முதல் தடவையாக நல்லூர்த் தேரில், இன்னும் இரண்டு கிழமை எங்களோடு" என்று இருந்தது. "அண்ணா" போயிற்று, "முதல் தடவை" போயிற்று, ஏனெனில் அது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது, "இரண்டு கிழமை" எழுதியிருக்கவே கூடாது. எல்லாவற்றையும் எடுத்த பின் எஞ்சியது "தேர்த் திருவிழா நல்வாழ்த்துகள்" என்பதுதான். அதில் பாதகம் எதுவும் இல்லை. ஆனால் அது யாருடைய படத்தின் கீழும் வரக்கூடிய வரி, எனக்கு அது போதவில்லை. பிறகு படத்தை மீண்டும் பார்த்தேன். வீதியில் பரப்பிய மணல் சின்னவளின் முழங்கால் வரை ஒட்டியிருந்தது. அவள் அம்மாவின் மடியில் உறங்கிவிட்டாள். கையில் கச்சான் சரை மட்டும் நசுங்கியபடி இருந்தது. எழுதினேன்: "தேர் இருப்பிடம் வந்து சேர்ந்தது. முழங்கால் வரை மணல், கையில் கச்சான் சரை, உறக்கத்திலும் அதை விடவில்லை."

படத்தில் இருந்த ஐந்து பேரும் அந்த வரியைப் படித்துச் சிரித்தார்கள். வெளியாருக்கு அதில் ஒரு பிள்ளை உறங்கிய செய்தியைத் தவிர வேறில்லை. அனைவரும் வீடு திரும்பி, கதவைத் திறந்து, விளக்கேற்றிய பின்னரே பதிவிட்டேன். அதனால்தான் "வந்து சேர்ந்தது" என்ற இறந்தகாலம். யாருடைய கணக்கையும் இணைக்கவில்லை, ஏனெனில் முகநூலில் ஒருவரை இணைத்தால் அவருடைய நண்பர்களுக்கும் அந்தப் படம் காட்டப்படலாம்.

எழுதியபின் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகநூலில் பதிவைத் திருத்தினாலும் பழைய வரிகள் திருத்த வரலாற்றில் இருக்கும்; பதிவைப் பார்க்கக்கூடியவர்கள் அதைத் திறந்து வாசிக்க முடியும். சித்தியின் மகள் அன்று மாலையே வயதை அழித்திருந்தாள், ஆனால் அது அங்கே கிடந்தது. அப்படியான நிலையில் பதிவையே நீக்கிவிட்டு, புதிதாக இடுவதுதான் வழி.

பின்னூட்டங்கள் நம் கையில் இல்லாதவை. இந்தப் படத்தின் கீழும் பத்து நிமிடத்துக்குள் மாமி ஒருவர் சின்னவளின் பெயரை எழுதி, "எப்ப திரும்பிப் போறியள்?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பின்னூட்டத்தை நீக்கிவிட்டு உடனே அவருக்கு அழைப்பெடுத்தேன். திகதியைத் தொலைபேசியில் சொன்னேன். போவதற்கு முன் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் கூட்டிவரச் சொன்னார்.