அந்தப் பக்கம் தீர்ப்பு அல்ல

“பொருளாதார நெருக்கடிக்கு யாரும் பொறுப்பில்லையாம். உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, பக்கத்தைப் பாருங்கள்!”

ஹட்டன் பக்கத்துத் தோட்டக் குழுக்களில் இந்தப் படம் சுற்றுகிறது. படத்தில் உள்ளது பெரும்பான்மைத் தீர்ப்பு அல்ல. மாறுபட்ட தீர்ப்பின் ஒரு பக்கம்.

2023 நவம்பர் 14 அன்று இலங்கையின் பொருளாதார நெருக்கடி பற்றிய வழக்கில், அமர்வில் இருந்த ஐந்து நீதியரசர்களில் நால்வர், ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று தீர்ப்பளித்தார்கள். நீதியரசர் பிரியந்த ஜயவர்தன மட்டும் மாறுபட்டார். நால்வர் சொன்னதே தீர்ப்பு. மாறுபட்ட கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது.

ஒரு பக்கம் கைக்கு வந்தால் முதலில் அது யார் எழுதியது என்று பாருங்கள். அந்தப் பகுதியின் கடைசியில் கையொப்பம் இருக்கும், உடன்பட்ட நீதியரசர்களின் பெயரும் அதற்குக் கீழேயே வரும். அங்கே ஒரே பெயர்தான் என்றால் அவசரப்படாதீர்கள். நடுவில் “மனுதாரர் கூறுகிறார்” என்று வருவது வாதம், நீதிமன்றத்தின் முடிவல்ல. சட்ட அறிக்கைகளில் மேலே வரும் தலைக்குறிப்பும் தொகுப்பாளர் எழுதியதுதான். அப்புறம், இறுதிக் கட்டளையைத் தவறாமல் படியுங்கள்.

முழுத் தீர்ப்பு supremecourt.lk தளத்தில் உண்டு. தயவுசெய்து இந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள்.