மூலையில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் முழுப் பக்கக் கட்டுரையைத் திணிக்காதீர்கள்!

கடை இணையதளத்தின் வலது கீழ் மூலையில் ஒரு வட்டப் பொத்தான். அழுத்தினால் சின்னதாக ஒரு சாட் பெட்டி திறக்கும். ஒரு வரியில் கேள்வி கேட்டால், விரல் வலிக்க வலிக்கத் தள்ளிப் படிக்கும் அளவுக்குப் பதில் வந்து விழும். இதற்கு ஏஐ மாடலைத் திட்டிப் பயனில்லை. பதில் எந்த இடத்தில் தெரியப்போகிறது என்று அதற்கு யாருமே சொல்லவில்லை. முழுப் பக்கச் சாட் ஆப்புக்கு எழுதிய சிஸ்டம் ப்ராம்ப்டை ஒரு வரிகூட மாற்றாமல் இங்கேயும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எரிச்சல் வருவது அங்கேதான்.

பெட்டியைக் கொஞ்சம் அளந்து பாருங்கள். அகலம் 380 பிக்சல் என்று வையுங்கள், இப்படி மூலையில் நிற்கும் சாட் விட்ஜெட்டுகள் பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான் இருக்கும். இரண்டு பக்க ஓரம் 32, சாட்பாட்டின் படமும் அதன் இடைவெளியும் 36, பதில் குமிழின் உள்ளோரம் 24. இதெல்லாம் போக எழுத்துக்கு மிஞ்சுவது 288 பிக்சல். 15 பிக்சல் எழுத்தில் தமிழ் எழுதினால் ஒரு வரிக்கு மூன்று சொல், தப்பினால் நான்கு. உயரம் 600 என்றால் தலைப்புப் பட்டை, தட்டச்சுப் பெட்டி, கீழே வரிசையாக நிற்கும் பொத்தான்கள் எல்லாம் போகச் சுமார் 420 தேறும். அதாவது 19 வரி. அதிலும் வாடிக்கையாளர் கேட்ட கேள்வியே இரண்டு மூன்று வரியை எடுத்துக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் ஒரு பார்வையில் கண்ணுக்குத் தெரிவது 50, 60 சொல்தான். கைபேசியில் விசைப்பலகை மேலே ஏறிவிட்டால் அதுவும் பாதியாகும்.

முழுப் பக்க ஆப்பில் எழுத்துப் பத்தியின் அகலம் 720 பிக்சல் இருக்கும். வரிக்கு ஒன்பது சொல், திரைக்கு 25 வரி, ஆக 200 சொல்லுக்கு மேல் ஒரே பார்வையில் அடங்கும். அங்கே உட்கார்ந்து படிக்க வந்தவருக்கு 200 சொல் பதில் பொருத்தம். அதே 200 சொல் விட்ஜெட்டில் மூன்று திரை நீளம்! ஒரே ப்ராம்ப்ட் இரண்டு இடத்துக்கும் எப்படிச் சரிப்படும்?

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "வாங்குன ஷூ சின்னதா இருக்கு, ஒரு சைஸ் பெரிசா மாத்திக்கலாமா?" கடையின் விதி 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். வரும் பதில் என்ன? முதலில் சிரமத்துக்கு வருத்தம். பிறகு அந்தக் கேள்வியே திரும்ப ஒருமுறை. அப்புறம் "மாற்றும் கொள்கை" என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் ஆறு புள்ளி. அதில் இரண்டு பணம் திரும்பப் பெறுவது பற்றி, அதை யாரும் கேட்கவே இல்லை. பிறகு ஐந்து படி வழிமுறை. கடைசியில் வேறு உதவி வேண்டுமா என்று ஒரு வரி. விட்ஜெட் மார்க்டவுனைப் புரிந்துகொள்ளாத ரகம் என்றால் `**`, `##` எல்லாம் அப்படியே எழுத்தாக நிற்கும். அட்டவணை போட்டுவிட்டால் 288 பிக்சலுக்குள் செங்குத்துக் கோடுகள் உடைந்து சிதறிக் கிடக்கும்.

அந்தக் கேள்விக்குத் தேவையானது மூன்றே வாக்கியம். மாற்றலாம் என்ற விடை முதலில். 14 நாளுக்குள், வெளியே அணியாமல், பெட்டியோடு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை அடுத்தது. ஆர்டர் எண்ணைக் கேட்பது மூன்றாவது. இருபது சொல்லுக்குக் கொஞ்சம் கூடப் போகும், ஸ்க்ரோல் தேவையே இல்லை.

நீளமான பதிலை இன்னும் கொடுமையாக்குவது தானாகக் கீழே இறங்கும் ஸ்க்ரோல். எழுத்து வந்து கொட்டக் கொட்டப் பெட்டி அடிக்கு ஓடுகிறது. "மாற்றலாம்" என்ற முதல் வாக்கியம் மேலே போய் மறைந்துவிடுகிறது. கண்முன் நிற்பது "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்ற வரி மட்டும். விடையைத் தேடி வாடிக்கையாளர் மேலே தள்ளினால், அடுத்த துண்டு வந்ததும் மறுபடி கீழே இழுத்துப் போடுகிறது. சரிசெய்ய ஒரு வரி போதும். செய்திகள் ஓடும் ஸ்க்ரோல் பெட்டி `list`, புதிய பதிலின் குமிழ் `reply` என்று வையுங்கள். `list` என்பதற்கு `position: relative` இருக்க வேண்டும். அடிக்கு ஓடவைக்கும் பழைய வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு துண்டு வரும்போதும் இதை ஓட்டுங்கள்:

```
list.scrollTop = reply.offsetTop - 8;
```

பதில் வளர்ந்து அதன் முதல் வரி பெட்டியின் உச்சியைத் தொட்டதும் அங்கேயே நிற்கும். வாடிக்கையாளர் தானே தள்ளத் தொடங்கிவிட்டால் இதை நிறுத்திவிடுங்கள். `scrollIntoView` போடப் போகாதீர்கள், பின்னால் இருக்கும் கடைப் பக்கத்தையும் சேர்த்து நகர்த்திவிடக்கூடும்.

நீளத்தைக் குறைக்கச் சொன்னால் பலரும் செய்வது `max_tokens` எண்ணைக் குறைப்பது. தயவுசெய்து வேண்டாம்! அது கத்தரிக்கோல். மாடல் சுருக்கமாக எழுதாது. வழக்கம்போல நீட்டி எழுதத் தொடங்கும், எல்லை வந்ததும் வாக்கியம் நடுவிலேயே அறுந்து தொங்கும். தமிழில் இன்னும் மோசம். பெரும்பாலான மாடல்கள் ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட அதிக டோக்கன்களாக உடைக்கின்றன. ஆங்கிலத்தில் சோதித்து 150 என்று வைத்த எல்லை, தமிழில் நிபந்தனையைச் சொல்லும் முன்னாலேயே முடிந்துவிடும். பதிவேட்டில் `finish_reason` என்ற இடத்தில் `length` என்று வந்திருந்தால் அந்தப் பதில் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். பல ஏபிஐகளில் இந்தப் பெயரேதான். ஒருநாள் பதிவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எல்லையை வசதியாகவே விட்டுவிட்டு, நீளத்தை ப்ராம்ப்டில் சொல்ல வேண்டும்:

```
உன் பதில் கடைத் தளத்தின் மூலையில் உள்ள 380 பிக்சல் அகலச் சாட் பெட்டியில் தெரியும்.
முதல் வாக்கியத்திலேயே விடை. பெரும்பாலும் 2-3 வாக்கியம்.
தலைப்பு, அட்டவணை, ** வேண்டாம்.
வாங்குபவரைப் பாதிக்கும் நிபந்தனையைச் சுருக்கத்துக்காக விடாதே.
நீண்ட விவரம் வேண்டுமென்றால் உரிய பக்கத்தின் லிங்க் கொடு.
```

இதில் நான்காவது வரியை யாரும் அழிக்க வேண்டாம். "இரண்டு வாக்கியத்துக்கு மேல் கூடாது" என்று மட்டும் சொன்னால் "மாற்றலாம்" என்று சொல்லிவிட்டு, வெளியே அணிந்திருந்தால் எடுக்கமாட்டோம் என்பதை விழுங்கிவிடும். ஷூவைப் போட்டு ஒரு வாரம் நடந்த பிறகு அனுப்பியவரிடம் கடை என்ன பதில் சொல்லும்? லிங்க் வரியும் அப்படித்தான். விட்ஜெட் நிற்பதே கடைத் தளத்துக்குள். சைஸ் அட்டவணை பக்கத்திலேயே இருக்கும்போது அதை ஏன் குமிழுக்குள் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும்?

தலைகீழாகவும் நடக்கிறது, அதுவும் இதே அளவு எரிச்சல்தான். இந்த விட்ஜெட் ப்ராம்ப்டைக் கொண்டுபோய் முழுப் பக்க ஆப்பில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே ஒருவர் இரண்டு சலவை இயந்திரங்களின் கொள்ளளவு, மின்செலவு, சத்தம் எல்லாம் ஒப்பிடக் கேட்டால் "இரண்டுமே நல்லவை" என்று மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அட்டவணை போட 720 பிக்சல் வெறுமனே கிடக்கிறது. பின்னால் ஓடும் மாடல் ஒன்றாகவே இருக்கட்டும். கேள்வி எங்கிருந்து வருகிறது என்ற தகவலையும் சேர்த்து அனுப்பி, ப்ராம்ப்டில் நீளத்தைச் சொல்லும் பத்தியை மட்டும் அதற்குத் தக்கபடி மாற்றுங்கள். கடை விதிகள் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

சோதனையையும் அகலத் திரையில் செய்யாதீர்கள். டெவலப்பர் கன்சோலில் அழகாகத் தெரியும் பதில்தான் பெட்டிக்குள் மூன்று திரை ஆகிறது. வழக்கமாக வரும் இருபது கேள்விகளை எடுத்து, உண்மையான விட்ஜெட்டில், கைபேசியில், விசைப்பலகை திறந்திருக்கும்போது கேட்டுப் பாருங்கள். திரையைத் தொடாமல் விடை கண்ணில் படாத ஒவ்வொரு கேள்விக்கும் நீளத்தைச் சொல்லும் அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.