கடித்தது கன்னத்தில், ஊசி கையில் மட்டுமா?

நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரத்தம் வந்த கடிக்கு இரண்டு விதமான ஊசி தேவை என்பது பலருக்குத் தெரியவில்லை. நாய்க்கடி ஊசி அறையில் வேலை பார்க்கும் செவிலியர் நான். இதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

போன மாதம் நான்கு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். தெருநாய் கன்னத்தில் கடித்திருந்தது. இரண்டு பல் பதிந்த குழி, கண்ணுக்குக் கீழே நீளமாக ஒரு கீறல். முதல் நாளே பக்கத்து கிளினிக்கில் காட்டி, டி.டி.யும் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. "அடுத்த ஊசி எப்போன்னு கேட்கத்தான் வந்தேன் சிஸ்டர்" என்றார். "காயத்துக்குள்ள ஊசி போட்டாங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லையே, கையிலதானே போட்டாங்க" என்றார்.

சிக்கலே இங்கேதான் இருக்கிறது. கையில் போடும் தடுப்பூசி, எதிர்ப்புச் சக்தியை உடம்பே தயாரித்துக்கொள்ளத் தூண்டுகிறது. அது தேவையான அளவுக்கு உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமி காயத்தில் சும்மா இருக்காது. அங்குள்ள நரம்பில் நுழைந்துவிட்டால் மூளையை நோக்கிப் போகத் தொடங்கிவிடும். முகத்தில் நரம்புகள் அதிகம், மூளைக்குத் தூரமும் குறைவு. பொதுவாக நோய் வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். தலையிலும் முகத்திலும் கடிபட்டால் அதைவிடச் சீக்கிரமே வரலாம். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் இம்யூனோகுளோபுலின். ஆஸ்பத்திரியில் சீரம் என்போம். ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தியை நேராகக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துகிறோம். அளவு உடல் எடையைப் பொறுத்தது. குதிரை சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனித சீரம் என்றால் 20. அந்தக் குழந்தை 15 கிலோ. குதிரை சீரம் 600 யூனிட், எங்களிடம் இருந்த மருந்தில் அது 2 மில்லி. அதைக் கன்னத்துக் குழிகளிலும் கண்ணுக்குக் கீழே இருந்த கீறலிலும் கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் ஏற்றினார். குழந்தை வீறிட்டு அழுதாள், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்கவே கஷ்டம்தான். அதற்காக ஒரு காயத்தைக்கூட விட்டுவிட முடியாது.

சீரம் போடும் முன் காயத்தை மறுபடி கழுவினோம். "வீட்டிலேயே கழுவிட்டேன்" என்று அந்த அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் துடைத்திருக்கிறார். போதவே போதாது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரை காயத்துக்குள் போகும்படி 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். சாதாரணத் துணி சோப்பே போதும். பிறகு பீட்டாடின் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். உடனே தையலும் கூடாது. போட்டே ஆகவேண்டிய காயம் என்றால், சீரம் ஏற்றிய பிறகு தளர்வாகப் போடுவார்கள்.

எல்லாக் கடிக்கும் சீரம் தேவையில்லை. ரத்தம் வராத லேசான பிறாண்டல் என்றால் தடுப்பூசி போதும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, நாயின் எச்சில் கண், வாய், திறந்த புண் இவற்றில் பட்டாலோ சீரம் கட்டாயம். முதல் நாளே போடுவதுதான் சரி. விட்டுப்போனால், முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்புச் சக்தியை உருவாக்கத் தொடங்கிவிடுவதால் போட மாட்டார்கள். அந்தக் குழந்தை மறுநாளே வந்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த ஊசித் தேதியில்தான் வரலாம் என்று வீட்டிலேயே இருந்திருந்தால், அத்தனை நாளும் காயம் பாதுகாப்பில்லாமல் இருந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: சீரம் இல்லாத கிளினிக்குகள் தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பிவிடக் கூடாது. "சீரம் இன்னும் போடவில்லை, இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்" என்று சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும். ஒரு வரிதானே?

அப்புறம், தடுப்பூசித் தேதிகள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கு வைத்தால், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். காயம் ஆறிவிட்டது என்று 28ஆம் நாளை விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். கடித்த நாய் 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் நாய் என்ன ஆகிறது பார்ப்போம் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி போட்ட சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முழுசாகப் போட்டு முடித்தவரை மறுபடி நாய் கடித்தால், காயத்தைக் கழுவிவிட்டு 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போட்டால் போதும், சீரம் தேவைப்படாது. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நாங்கள் அதை முடிவு செய்வோம்.