புதன்கிழமை நாற்காலிக்கு ஆஃபர் வேண்டாம், தனி விலை போடுங்கள்

பாளையங்கோட்டையில் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். சனி, ஞாயிறு உட்கார இடமிருக்காது. புதன்கிழமை பதினோரு மணிக்கு மூன்று நாற்காலியும் சும்மா கிடக்கும். பார்லர் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரிந்த கதைதான். அப்போது பலர் செய்வது, ஃபோனை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இன்று மட்டும் 30% தள்ளுபடி" என்று போடுவது. அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எந்த நாளில் வரும் என்று தெரியாத தள்ளுபடிதான் காத்திருக்கப் பழக்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பார்லரில் இப்படி நினைத்தபோதெல்லாம் போட்டார்கள். கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்கள் ஃபோன் செய்து கேட்ட கேள்வியே மாறிவிட்டது: "அக்கா, அடுத்த ஆஃபர் எப்பம் போடுவிய?" மாதம் ஒரு தடவை ஃபேஷியலுக்கு வந்தவர்கள் ஒன்றரை மாதம் தள்ளி வந்தார்கள், அதுவும் தள்ளுபடி நாளில். காலி நாற்காலி நிறைந்தது. ஆனால் அதில் உட்கார்ந்தவர்கள் முழு விலைக்கே வந்திருக்க வேண்டியவர்கள்.

அதற்குப் பதிலாக அந்த நேரத்துக்கென்று நிரந்தரமாக ஒரு விலை வையுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை, பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட்டு வந்தால் இந்த விலை. முகூர்த்தத்துக்கு முந்தின நாட்களில் கிடையாது. விலைப்பட்டியலிலேயே இன்னொரு வரிசையாக எழுதி மாட்டிவிடுங்கள். வருஷம் முழுக்க அதே விலை என்றால் எதற்காகக் காத்திருப்பார்கள்? வசதியான நேரம் வேண்டுமென்றால் முழு விலை, நமக்கு வசதியான நேரத்தில் வந்தால் குறைந்த விலை, அவ்வளவுதான்.

எல்லா வேலைக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. த்ரெடிங் ஐந்து நிமிட வேலை, போகிற வழியில் வருகிறவர்கள், விலையும் குறைவு. அதில் குறைத்து ஒரு பயனும் இல்லை. ஹேர்கட்டையும் விட்டுவிடலாம், செவ்வாயன்று முடி வெட்டக் கூடாது என்று நினைக்கிறவர்கள் நூறு ரூபாய் குறைத்தாலும் வரப் போவதில்லை. நான் குறைப்பது ஸ்ட்ரெய்ட்டனிங், கலரிங் போன்ற நீண்ட வேலைகளுக்கு மட்டும். ஸ்ட்ரெய்ட்டனிங்குக்கு நான்கு மணி நேரம் ஒரு நாற்காலி போய்விடும். சனிக்கிழமை அதைச் செய்தால் எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரெய்ட்டனிங் 4000 ரூபாய் என்று வையுங்கள். பொருள் செலவு 1000, செய்கிற பெண்ணுக்குக் கமிஷன் 400. வாடகையும் சம்பளமும் எப்படியும் போகும், அதனால் அவற்றைச் சேர்க்கவில்லை. கையில் நிற்பது 2600. வாரநாளில் 15% குறைத்தால் 3400 வரும், நிற்பது 2000. புதிதாக ஒருவர் வந்தால் அந்த 2000 நமக்கு லாபம். சனிக்கிழமை வர வேண்டியவர் புதனுக்கு மாறினால் 600 நஷ்டம். ஆனால் காலியான அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு ஃபேஷியலும் இரண்டு மூன்று ஹேர்கட்டும் நடந்தால் 600க்கு மேலேயே திரும்ப வந்துவிடும்.

சனிக்கிழமை உண்மையிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்புகிறோமா என்பதுதான் முக்கியம். "இடமில்லை" என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடே விழவில்லை என்றால், ஆட்களை மாற்றுவதற்காக விலையைக் குறைப்பது வெறும் நஷ்டம்.

கணக்கில் கமிஷனை 400 ரூபாயாகவே வைத்ததைக் கவனித்திருப்பீர்கள். தள்ளுபடி விலைக்குக் கமிஷன் கொடுத்தால், வேலை செய்கிற பெண்ணே "சனிக்கிழமை வாங்கக்கா" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எப்போதும் முழு விலைக்கே கமிஷன் கொடுங்கள்.

நம் ஊர்ப் பழக்கமும் இதற்குக் கைகொடுக்கிறது. மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது என்கிற வகை ஸ்ட்ரெய்ட்டனிங்கை வியாழன் செய்தால் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க முடியாது. திங்கட்கிழமை செய்தால் வெள்ளி காலை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். இதை எடுத்துச் சொன்னாலே சிலர் விலையைக் கேட்காமல் திங்களுக்குப் பதிவு செய்துவிடுகிறார்கள்.

சரி, ஆடி மாதம்? வாரம் முழுக்கவே வெறிச்சென்று இருக்கும், கை பரபரக்கும். ஆனால் ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் மணப்பெண் வேலையும் இல்லை. எவ்வளவு குறைத்தாலும் இல்லாத கல்யாணத்துக்கு யாரும் மேக்கப் போட வர மாட்டார்கள். ஆவணியில் முழு விலைக்கு வர வேண்டிய மற்ற வேலைகள்தான் முன்கூட்டியே குறைந்த விலைக்குப் போய்விடும். அந்த மாதத்தில் நான் விலையைத் தொடுவதில்லை. பெண்களுக்கு முறை வைத்து லீவு கொடுக்கிறேன், புது வேலை கற்றுக்கொள்ளவும் அனுப்புகிறேன்.

மாதக் கடைசியில் பதிவேட்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். வாரநாள் விலைக்கு வந்தவர் இதற்கு முன் எப்போது வந்தார்? வழக்கமாக வருகிறவர்களின் இடைவெளி நீண்டுகொண்டே போனால் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் பெண்களில் யாராவது கேட்டவர்களுக்கெல்லாம் அந்த விலையைச் சனிக்கிழமையும் கொடுக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.