ஹெட்ஜிங் செலவு கட்டணப் பட்டியலில் தெரியாது

வெளிநாட்டு முதலீட்டை நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்திலிருந்து காப்பதே ஹெட்ஜிங். அதைப் பற்றிச் சிலர் சொல்வது: “ஹெட்ஜ் செய்த ஃபண்டுக்கு அதிகமாகப் போவது 0.1 சதவீதக் கட்டணம் மட்டும்தான்.”

பெரிய செலவு இந்தக் கணக்கில் விடுபட்டுள்ளது. ஹெட்ஜிங் பெரும்பாலும் நாணய மாற்று விலையை முன்கூட்டியே நிர்ணயித்து, மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஃபார்வர்டு ஒப்பந்தங்கள் வழியே நடக்கிறது; அவற்றின் விலையோ இரு நாணயங்களின் குறுகிய கால வட்டி வித்தியாசத்தை ஒட்டியே அமைகிறது. 2023 டிசம்பர் முடிவில் அமெரிக்காவின் கொள்கை வட்டி 5.25 முதல் 5.50 சதவீதமாகவும், ஜப்பானில் மைனஸ் 0.1 சதவீதமாகவும் இருந்தது. ஆகவே, சுமார் 3.9 சதவீதம் தந்த பத்தாண்டு அமெரிக்க அரசுப் பத்திரத்தை யென்னுக்கு ஹெட்ஜ் செய்து வைத்திருந்த ஜப்பானியருக்கு, ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 5.5 சதவீதம் ஹெட்ஜிங்கிலேயே கரைந்து, வருவாய் பூஜ்யத்துக்கும் கீழே போனது. இந்த இழப்பு கட்டணப் பட்டியலில் வராது. ஃபண்டின் யூனிட் மதிப்பான என்ஏவியில்தான் கழியும்.

“ஹெட்ஜிங் என்றாலே நஷ்டம்” என்று வேறு சிலர் சொல்வதும் பாதிதான் சரி. அதே காலத்தில் ஜப்பானியப் பங்குகளை டாலருக்கு ஹெட்ஜ் செய்த அமெரிக்கருக்கு, அதே வட்டி வித்தியாசம் வரவாகவே சேர்ந்தது. ஹெட்ஜ் செய்யாமல் விட்டவர் முந்துவாரா என்பதை யென்னின் போக்கே தீர்மானிக்கும். அதை முன்கூட்டியே சொல்ல இயலாது.